கடனில் சொந்த ஆட்டோவா, வாடகை ஆட்டோவா? தவணையையும் வாடகையையும் மட்டும் ஒப்பிட்டால் போதாது

கேள்வி: சார், சென்னையில் வாடகை ஆட்டோ ஓட்டுகிறேன். நாள் வாடகை 350 ரூபாய். காலை 8 மணிக்கு எடுத்து இரவு 10-க்குள் ஷெட்டில் விட வேண்டும். மாதம் 25 நாள் ஓட்டுவேன், கேஸ் போக நாளுக்கு 1,100 நிற்கும். புது ஆட்டோ எல்லாம் சேர்த்து 3,10,000 சொல்கிறார்கள். கையில் 70,000 இருக்கிறது. மீதி 2,40,000-க்கு ஃபைனான்ஸ், 11 சதவீத வட்டி, 4 வருடம், மாத டியூ 7,200. வாடகையே மாதம் 8,750 போகிறதே, டியூ அதைவிடக் குறைவுதானே, வண்டியும் சொந்தமாகிவிடுமே என்று ஸ்டாண்டில் எல்லோரும் சொல்கிறார்கள். வெளியில் 2 வட்டிக்கு 50,000 கடன் வேறு இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்:

இப்போது சொல்லப்பட்டிருக்கும் இந்தக் கடனில், இப்போது நீங்கள் ஓட்டும் அதே நேரத்துக்கு மட்டும் ஓட்டுவதாக இருந்தால், எடுக்க வேண்டாம். வாடகை வண்டியே லாபம். சொந்த வண்டி என்பதால் மாதம் சுமார் 1,700 ரூபாய் கூடுதலாக நிற்க வழி இருந்தால் கணக்கு சமமாகும். அதற்கு மேல் நின்றால் எடுக்கலாம். இந்த 1,700 எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஸ்டாண்டுக் கணக்கைப் பார்ப்போம். வாடகை 8,750, டியூ 7,200, மிச்சம் 1,550 என்பது அந்தக் கணக்கு. ஆனால் வாடகை வண்டியில் உங்கள் செலவு வாடகையோடும் கேஸோடும் நின்றுவிடுகிறது. இன்சூரன்ஸ் ஓனர் கட்டுகிறார், எஃப்.சி. அவர் காட்டுகிறார், கிளட்ச் பிளேட் போனாலும் டயர் தேய்ந்தாலும் அவர் தலைவலி. வண்டி உங்கள் பெயருக்கு வந்ததும் இதெல்லாம் உங்களுக்கு வந்துவிடும். இன்சூரன்ஸ், வரி, மீட்டர் முத்திரை, எஃப்.சி.க்கு முன்னால் செய்யும் டிங்கரிங், பெயின்ட் எல்லாவற்றையும் நான்கு வருடத்துக்குப் பரப்பினால் மாதம் 1,000 என்று வைக்கிறேன். சர்வீஸ், ஆயில், பிரேக், டயர், பேட்டரி மாதம் 1,500. புது வண்டியில் முதல் வருடம் இவ்வளவு ஆகாது, மூன்றாவது நான்காவது வருடத்தில் இதைவிடக் கூடும்; சராசரிதான் இது. ஆக, சொந்த வண்டியின் மாதச் செலவு 7,200 இல்லை, 9,700. வாடகையைவிட 950 ரூபாய் அதிகம். முன்பணமாகக் கட்டும் 70,000-ஐ இதில் இன்னும் சேர்க்கவே இல்லை.

"அதிகம் போனால் என்ன, கடைசியில் வண்டி நம்முடையதாகிவிடுமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இன்றைய மதிப்பு என்ற கணக்கு வேண்டும். இன்று கையிலிருந்து போகும் 70,000-ஐயும், 48 மாதம் போகும் தவணையையும், நாலு வருடம் கழித்து வரப்போகும் பழைய வண்டியின் விலையையும் அப்படியே கூட்டிக் கழிக்க முடியாது. எல்லாவற்றையும் இன்றைய ரூபாய்க்குக் கொண்டுவந்தால்தான் ஒப்பிட முடியும்.

எந்த வட்டியில் கொண்டுவருவது? பலர் வங்கி டெபாசிட் வட்டியைப் போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அது பொருந்தாது. உங்களிடம் 2 வட்டிக் கடன் இருக்கிறது. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். கையிலிருக்கும் பணத்தை அதில் கட்டினால், கட்டிய ஒவ்வொரு நூறும் மாதம் 2 ரூபாயை மிச்சப்படுத்தும். இதைவிட நிச்சயமான வருமானம் வேறு எதிலும் கிடைக்காது. அதனால் உங்கள் பணத்தின் விலை மாதம் 2 சதவீதம். அடுத்த மாதம் வரும் 102 ரூபாய் இன்றைய 100-க்குச் சமம். இதே போல மாதாமாதம் பின்னால் வந்தால், 48-ஆவது மாதம் கட்டப்போகும் 7,200 தவணை இன்றைக்கு 2,783 ரூபாய்க்குத்தான் சமம். கடைசித் தவணை இலேசாகிறது, நல்லதுதான். ஆனால் அதே காரணத்தால் கடைசியில் கைக்கு வரும் வண்டியின் விலையும் சுருங்கிவிடுகிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மாதம் ஒரே தொகையாக 48 மாதம் போவதை இன்றைய மதிப்பாக மாற்ற, 2 சதவீதத்தில் அந்தத் தொகையை 30.67-ஆல் பெருக்கினால் போதும். மொபைலில் இருக்கும் எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் நீங்களே சரிபார்க்கலாம்:

```
=PV(2%,48,-8750)
=PV(2%,48,-9700)
=120000/1.02^48
```

முதல் வரி வாடகை. அது 2,68,400 என்று வரும் (எல்லாவற்றையும் நூறுக்கு முழுமையாக்கிச் சொல்கிறேன்). அதாவது நான்கு வருடம் வாடகை கட்டுவதும், இன்றைக்கே மொத்தமாக 2,68,400 கொடுப்பதும் உங்களுக்கு ஒன்று. இரண்டாவது வரி தவணையும் பராமரிப்பும் சேர்ந்தது: 2,97,500. மூன்றாவது, நாலு வருடம் ஓடிய வண்டியை 1,20,000-க்கு விற்கலாம் என்று வைத்தால் அதன் இன்றைய மதிப்பு: 46,400.

இப்போது சொந்த வண்டி: முன்பணம் 70,000, அதோடு 2,97,500, கழித்தால் 46,400. மொத்தம் 3,21,100. வாடகை 2,68,400. வித்தியாசம் 52,700 ரூபாய், வாடகைக்குச் சாதகமாக.

சவாரி வருமானத்தை இதில் காணோமே என்று தோன்றும். வேண்டுமானால் சேர்த்துப் பாருங்கள். கேஸ் போக நாளுக்கு 1,100, மாதம் 27,500. அதன் இன்றைய மதிப்பு 8,43,500. வாடகை வண்டியில் 2,68,400 கழிந்து 5,75,100 நிற்கும். சொந்த வண்டியில் 3,21,100 கழிந்து 5,22,400 நிற்கும். வித்தியாசம் அதே 52,700. பயணி உங்கள் வண்டி சொந்தமா வாடகையா என்று பார்த்துக் காசு கொடுப்பதில்லை, அதனால் சவாரிக் காசு இரண்டு பக்கமும் ஒன்றாக வந்து கழிந்துவிடுகிறது. கட்டணம் ஏறினாலும் இதே கதைதான். அரசு 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று வைத்தது, பத்து வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. அது ஏறும் என்று நம்பி வண்டி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏறினால் வாடகைக்கு ஓட்டுபவருக்கும் அதே அளவு ஏறும். டீலர் "நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு கலெக்ஷன், டியூ நாளுக்கு 240-தான்" என்று பேசும்போது, அந்த ஆயிரத்து ஐந்நூறு நீங்கள் ஏற்கெனவே சம்பாதித்துக்கொண்டிருப்பது என்பதை ஞாபகம் வையுங்கள். அவர் விற்கும் வண்டியால் அது வரவில்லை.

ஆக, தீர்ப்பு சொல்வது சொந்த வண்டியால் மட்டுமே வரக்கூடிய கூடுதல் காசுதான். 52,700-ஐ அதே 30.67-ஆல் வகுத்தால் மாதம் 1,720 வரும். நான் தொடக்கத்தில் சொன்ன 1,700 இதுதான்.

அந்த 1,720 எங்கிருந்து வரலாம்? உங்களுக்கு 8 மணிக்கு முன்னால் வண்டி கையில் இல்லை, அதனால் ஸ்கூல் டிரிப் பிடிக்க முடியாமல் இருப்பீர்கள். ஐந்து குழந்தைகள், ஆளுக்கு மாதம் 900 என்றால் 4,500. இதில் கேஸ் 1,000 போகட்டும். மாலையில் குழந்தைகளை விடும் நேரத்தில் நீங்கள் இப்போது ஏற்றும் சாதாரண சவாரி போய்விடுமே, அதற்கு 1,500 கழியுங்கள். 2,000 நிற்கிறது. வருடத்தில் பத்து மாதம்தான் பள்ளி, அதனால் சராசரி 1,670. கிட்டத்தட்ட அந்த 1,720-ஐத் தொட்டுவிடுகிறது, தாண்டவில்லை. 4,500 முழுதும் கூடுதல் வருமானம் என்று நினைத்திருந்தால் வண்டி எடுப்பது பெரிய லாபம் போலத் தெரிந்திருக்கும்.

விடியற்காலைச் சவாரி இன்னொன்று. எழும்பூர், சென்ட்ரல், கிளாம்பாக்கம் என்று வெளியூர் வண்டிகள் நாலரை ஐந்து மணிக்கு வந்து இறங்கும் இடங்களில் நீண்ட தூரச் சவாரி கிடைக்கும். இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு வாங்கவும் விதி இருக்கிறது. வாரம் மூன்று நாள் போனாலே மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் வரும். ஆனால் அந்தக் காசு முழுவதையும் வண்டிக் கணக்கில் எழுதாதீர்கள். அதில் பெரும்பங்கு உங்கள் தூக்கத்துக்கான கூலி. காலை நாலு மணிக்கு எழுந்தவர் இரவு பத்து வரை ஓட்ட மாட்டார், மதியமாவது இரண்டு மணி நேரம் வண்டியை ஓரம் கட்டுவார். அங்கே இழப்பது கழியும். நான் இப்படிப்பட்ட வருமானத்தில் பாதியைத்தான் கணக்கில் சேர்ப்பேன்.

மூன்றாவது, பலர் பார்க்காமல் விடுவது, எரிபொருள். உங்கள் வாடகை வண்டி பழசாக இருந்து, கிலோமீட்டருக்கு 60 பைசா அதிகம் தின்கிறது என்று வையுங்கள். நாளுக்கு 110 கிலோமீட்டர் ஓட்டினால் 66 ரூபாய், மாதம் 1,650. ஸ்கூல் டிரிப் இல்லாமலே கணக்கு சமனாகிவிடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வாரம் டேங்கை நிரப்பும்போதெல்லாம் ரூபாயையும் கிலோமீட்டரையும் எழுதி வைத்து வகுத்துப் பாருங்கள். அதே மாடல் புது வண்டி வைத்திருக்கும் ஸ்டாண்டு நண்பர் ஒருவரையும் எழுதச் சொல்லுங்கள். கம்பெனி விளம்பரத்தில் போட்டிருக்கும் மைலேஜை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், சென்னை டிராஃபிக்கில் அது வராது. சி.என்.ஜி. வண்டியாக இருந்தால் பங்கில் வரிசையில் நிற்கும் நேரத்தையும் நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் நின்றால் ஒரு சவாரி போயிற்று.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். டியூ நாலு வருடமும் 7,200-தான். வாடகை அப்படி நிற்காது. இரண்டு வருடம் கழித்து ஓனர் 400 கேட்டால், அந்தக் கூடுதல் 50 ரூபாயின் இன்றைய மதிப்பு 14,700. 52,700 என்ற வித்தியாசம் 38,000 ஆகும், மாதம் வேண்டிய கூடுதல் வருமானம் 1,240-க்கு இறங்கும். இதை நம்பிக்கைக்கு உரிய அனுமானமாகவே எடுக்கலாம். உங்கள் ஷெட்டில் கடந்த சில வருடங்களில் வாடகை எப்படி ஏறியது என்று உங்களுக்கே தெரியும்.

இனி கடனுக்கு வருவோம், இங்கேதான் பெரிய ஓட்டை இருக்கிறது. 11 சதவீதம் என்றார்களே, அது ஃபிளாட் வட்டி. 2,40,000-க்கு 11 சதவீதம், நாலு வருடம்: 1,05,600. அசலோடு சேர்த்து 3,45,600, அதை 48-ஆல் வகுத்தால் சரியாக 7,200. அதாவது நாலாவது வருடம் நீங்கள் பாக்கி வைத்திருப்பது எண்பதாயிரத்துக்கும் குறைவுதான் என்றாலும், முழு 2,40,000-க்கும் வட்டி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் உண்மையான விகிதம் என்ன?

```
=RATE(48,-7200,240000)*12
```

19.2 சதவீதம் என்று வரும். மாதத்துக்கு 1.6. உங்கள் 2 வட்டிக் கடனுக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. கையெழுத்துப் போடும் அன்று டாகுமெண்ட் சார்ஜ், பிராசஸிங் என்று 6,000 பிடித்துக்கொண்டு கொடுத்தால், கைக்கு வருவது 2,34,000. அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள், 20.6 சதவீதத்துக்கு ஏறிவிடும். ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல், தன் கட்டுப்பாட்டில் இருக்கும் வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் இப்படிப்பட்ட கடனுக்குக் கையெழுத்து வாங்கும் முன் ஒரு முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதில் வருடாந்திர மொத்த வட்டி விகிதம் என்று ஒரு வரி இருக்கும். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த உண்மையான விகிதம் அது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் லோன் ஆன பிறகு வரும்" என்றால் அங்கேயே எழுந்துவிடலாம்.

வங்கியில் குறையும் பாக்கிக்கு 11 சதவீதம் கிடைத்தால் டியூ 6,200 ஆகும். எண் அதே 11-தான், மாதம் ஆயிரம் ரூபாய் குறைகிறது. 52,700 வித்தியாசத்தில் 30,700 இதிலேயே போய்விடும். மாதம் 720 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தாலே போதும், ஸ்கூல் டிரிப் ஒன்றே தாராளமாகத் தாங்கும். உங்கள் தொகை முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவுக்குள் வருகிறது, 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை அந்தப் பிரிவு. வண்டியைத் தவிர வேறு ஈடு கேட்க மாட்டார்கள். வங்கியில் நாலு முறை நடக்க வைப்பார்கள், டீலரின் ஃபைனான்ஸில் அரை மணி நேரத்தில் முடியும். அந்த அரை மணி நேரத்தின் விலை 48,000 ரூபாய், மாதம் ஆயிரம் வீதம். சேமிப்புக் கணக்கில் தினக் கலெக்ஷனைக் கொஞ்ச மாதமாவது போட்டு எடுத்திருந்தால் வங்கி மேலாளரிடம் பேச வசதியாக இருக்கும், யு.பி.ஐ.யில் வரும் சவாரிக் காசு இந்த விஷயத்தில் உதவுகிறது.

இதுவரை போட்டதெல்லாம் மாதம் 25 நாள் ஓடும் என்று வைத்து. வாடகையில் ஒரு பெரிய சலுகை மறைந்திருக்கிறது: ஓட்டாத நாளுக்கு வாடகை இல்லை. உடம்பு சரியில்லை, ஊரில் கல்யாணம், நவம்பர் டிசம்பரில் தெருவில் முழங்கால் தண்ணீர், அன்றைக்கு 350 கொடுக்க வேண்டியதில்லை. டியூவுக்கு மழையும் தெரியாது, காய்ச்சலும் தெரியாது. சராசரியாக மாதம் 20 நாள்தான் ஓட்டுவீர்கள் என்றால் வாடகை 7,000-க்கு இறங்கும். வாடகையின் இன்றைய மதிப்பு 2,14,700. சொந்த வண்டிச் செலவு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், ஓட்டம் குறைவதால் டயர் கொஞ்சம் மிஞ்சலாம். வித்தியாசம் 52,700-லிருந்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகவே மாதம் 25 நாள் என்பது நல்ல மாதமா, சராசரி மாதமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். போன வருடம் ஷெட்டில் வாடகை கட்டிய நோட்டு இருந்தால் எண்ணிப் பார்த்துவிடலாம். இதற்கு நேர்மாறாக, மாதம் 28 நாள் ஓட்டுகிற ஆள் என்றால் வாடகை 9,800 ஆகும், 52,700 என்ற வித்தியாசம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

நாலு வருடம் முடிந்த பிறகும் வண்டியை வைத்து ஓட்டினால்? டியூ இல்லாத வருடங்கள்தானே லாபம் என்பார்கள். போட்டுப் பார்த்தேன். அடுத்த நாலு வருடத்தில் பராமரிப்பு மாதம் 3,500 ஆகும் என்று வைத்தால், வாடகையோடு பார்க்கையில் மாதம் 5,250 மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஐந்தாவது வருடத்திலிருந்து வரும் காசு. 2 வட்டியில் இன்றைக்குக் கொண்டுவந்தால் 62,200-தான். எட்டு வருட வண்டி 50,000-க்குப் போனால் அதன் இன்றைய மதிப்பு 7,500. எட்டு வருடத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் வாடகை இன்னும் 29,400 முன்னால் நிற்கிறது. எட்டு வருடம் தாண்டினால் எஃப்.சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது மாறி வருடா வருடம் ஆகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் காரணம் அந்த 2 வட்டிதான். அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த 70,000-ஐ டீலரிடம் கொண்டுபோக மாட்டேன். அதில் 50,000-ஐ எடுத்து வெளிக்கடனை இன்றைக்கே அடைப்பேன், 20,000 கையில் இருக்கும். மாதம் 1,000 வட்டி மிச்சம். சொந்த வண்டி எடுத்திருந்தால் வாடகைக்கு மேல் 950 கட்டிக்கொண்டிருப்பீர்களே, அதையும் சேர்த்து மாதம் 1,950 தனியாகப் போடுங்கள். 26 மாதத்தில் மறுபடி 70,000 வந்துவிடும், இந்த முறை கடன் இல்லாமல். அன்றைக்கு உங்கள் பணத்தின் விலை மாதம் 2 சதவீதம் இல்லை; அவசரத்துக்கு வங்கியில் நகை வைத்தாலும் ஏறத்தாழ மாதம் 1 சதவீதத்துக்குள்தான். அதே 3,10,000 வண்டி, அதே வாடகை, வங்கிக் கடனில் டியூ 6,200 என்று வைத்து 1 சதவீதத்தில் போட்டால் சொந்த வண்டி 3,25,900, வாடகை 3,32,300. கூடுதல் சவாரி ஒன்றுமே இல்லாமல் சொந்த வண்டி 6,300-க்கு மேல் முன்னால் வந்துவிடுகிறது. அப்புறம் ஸ்கூல் டிரிப் வந்தால் அது முழுக்க உங்களுக்கு. அதற்குள் வண்டி விலை ஏறிவிடுமே என்ற பயம் இருக்கும். ஏறலாம், வாடகையும் சேர்ந்தே ஏறும். அன்றைய எண்களைப் போட்டு மறுபடி பாருங்கள்.

அதே சமயம் இப்போதே வங்கிக் கடன் கிடைக்கிறது, ஐந்து குழந்தைகளுக்குப் பெற்றோர் வாய்வார்த்தையாவது கொடுத்துவிட்டார்கள், மாதம் 25 நாள் உறுதி என்றால், 26 மாதம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். எடுக்கலாம். ஆனால் 70,000 முழுவதையும் முன்பணமாகக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு டியூவுக்கான பணம், 12,500 அளவுக்கு, தொடாமல் இருக்க வேண்டும், அதற்காகக் கடன் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. முதல் டியூ தவறும்போது அபராதமும் செக் திரும்பிய கட்டணமும் சேரும். மூன்றாவது தவறினால் வண்டியைத் தூக்க ஆள் வரும். தூக்கிய வண்டியை ஏலத்தில் விற்பார்கள், 1,20,000 போக வேண்டிய வண்டி அங்கே அந்த விலைக்குப் போகாது, விற்ற பிறகும் பாக்கி இருந்தால் உங்களிடம்தான் கேட்பார்கள். நான் மேலே போட்ட கணக்கில் 46,400 என்று ஒரு வரவு இருந்ததே, அது அப்படியே காணாமல் போகிற இடம் இது.

விலை 3,10,000 என்றதில் பதிவு, பெர்மிட், முதல் வருட இன்சூரன்ஸ், மீட்டர் எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெர்மிட்டுக்குத் தனியாக என்று கடைசி நாளில் சொல்லி இன்னொரு தொகை கேட்பது நடக்கிறது. கடைசித் தவணை கட்டியதும் கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, ஆர்.சி.யிலிருந்து அடமானப் பதிவை நீக்கிவிடுங்கள். அதை நீக்காமல் விட்டால் வண்டியை வாங்க வருபவர் அதைக் காட்டியே பத்து இருபதாயிரம் குறைத்துக் கேட்பார்.